ஒரு வயது ஆகாத காயினின் சார்ட்

புதிதாக லிஸ்ட் ஆன காயினின் சார்ட்டைத் திறந்ததும் பலரும் முதல் வேலையாக அதில் இரண்டு கோடு போடுவார்கள். விலை எங்கே கீழே தொட்டுத் திரும்பியதோ அங்கே ஒரு சப்போர்ட். எங்கே முட்டி நின்றதோ அங்கே ஒரு ரெசிஸ்டன்ஸ். தங்கத்திலோ நிஃப்டியிலோ பழகிய கை அப்படித்தான் போகும். ஆனால் தங்கத்தின் சார்ட்டில் ஒரு விலைக்குப் பின்னால் பல வருட வியாபாரம் இருக்கிறது. அந்த விலையில் வாங்கியவர்கள், விற்றுவிட்டுப் பிறகு வருந்தியவர்கள், மறுபடி அங்கே வந்தால் வாங்கிவிட வேண்டும் என்று காத்திருப்பவர்கள் என்று ஆயிரக்கணக்கான பேரின் ஞாபகம் அங்கே சேர்ந்திருக்கிறது. விலை திரும்ப அந்த இடத்துக்கு வரும்போது அந்த ஞாபகம்தான் வேலை செய்கிறது. கோடு வெறும் அடையாளம்.

பிறந்து எட்டு மாதமே ஆன காயினில் அந்த ஞாபகம் யாரிடம் இருக்கிறது? அப்படிப்பட்ட சார்ட்டைப் படிப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். இதை ஆர்பிட்ரம் காயினின் முதல் வருடத்தை வைத்துப் பார்க்கலாம். அது ஒரு வருடத்துக்குள் ஏறியது, இறங்கியது, புது உச்சம் கண்டது, வருடம் முடியும் தறுவாயில் பெரியதொரு சோதனையையும் சந்தித்தது. இந்த வகைச் சார்ட்டில் வரக்கூடிய சிக்கல்களில் முக்கால்வாசி அதில் இருக்கிறது.

ஆர்பிட்ரம் என்பது எத்தீரியத்தின் மேல் ஓடும் ஒரு துணை நெட்வொர்க். பரிவர்த்தனைகளைத் தன்னிடத்தில் மலிவாக முடித்து, கணக்கை மட்டும் எத்தீரியத்தில் பதிவு செய்யும். அந்த நெட்வொர்க் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் 2023 மார்ச் 23 அன்று அதன் காயின் வெளியானது. மொத்தம் 1,000 கோடி காயின். அதில் 116.2 கோடியை, அதுவரை நெட்வொர்க்கைப் பயன்படுத்தியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். இதைத்தான் ஏர்டிராப் என்கிறார்கள். நெட்வொர்க்கில் இயங்கும் அமைப்புகளுக்குப் போன சிறு பங்கையும் சேர்த்தால், முதல் நாளில் வெளியே வந்தது 127.5 கோடி. குழுவினருக்கும் முதலீட்டாளர்களுக்கும் உரிய 444.7 கோடி பூட்டப்பட்டிருந்தது. மீதியில் பெரும்பகுதி பொதுக் கருவூலத்தில். இந்த எண்களுக்குத் திரும்ப வருவோம். இப்போதைக்கு முதல் நாள் கேண்டிலைப் பார்ப்போம்.

அந்த நாளின் கேண்டிலைத் தினசரி சார்ட்டில் பார்த்தால், உடம்பு சின்னதாகவும் மேலே போகும் விக் அசாதாரண நீளமாகவும் இருக்கும். காரணம் எளிது. காயினைப் பெறும் இணையப் பக்கம் கூட்டம் தாங்காமல் திணறியது. முண்டியடித்து முதலில் பெற்றவர்கள் கையில் மட்டும் காயின் இருந்தது, வாங்கத் துடித்தவர்களோ ஏராளம். எக்ஸ்சேஞ்சுகள் எல்லாம் ஒரே நிமிடத்தில் வியாபாரத்தைத் தொடங்கவும் இல்லை. விற்க ஆள் இல்லாத அந்தச் சில நிமிடங்களில் சில இடங்களில் விலை பல டாலருக்குத் தாவியது. காயின் வரத்து வந்ததும் சரிந்து, நாள் முடிவில் 1.3, 1.4 டாலர் பக்கம் வந்து நின்றது. அந்த உயரம் எவ்வளவு என்பதில் ஒரு எக்ஸ்சேஞ்சின் சார்ட் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத ஒன்றை விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அந்தந்த எக்ஸ்சேஞ்சின் ஆர்டர் புத்தகம் எவ்வளவு காலியாக இருந்தது என்பதன் அளவு, அவ்வளவுதான்.

இந்த ஒரு விக் பின்னால் எத்தனை கணக்கைக் கெடுக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விக்கின் நுனியிலிருந்து அடிவரை ஃபிபோனாச்சி அளவுகோலை இழுத்துவிட்டு, பாதி வழியில் 4 டாலரில் ரெசிஸ்டன்ஸ் என்று குறித்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 4 டாலரில் வாங்கியவர்கள் ஒரு டீக்கடை பெஞ்சு கொள்ளும் அளவுக்குக்கூட இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். அன்றாட ஏற்ற இறக்கத்தை அளக்கும் ஏடிஆர் போன்ற கருவிகளும் முதல் நாளின் நீளத்தை விழுங்கிவிட்டு, வாரக்கணக்கில் அதைச் செரிக்க முடியாமல் திணறும். அதை நம்பி ஸ்டாப்லாஸ் தூரத்தை வைப்பவர் தேவையைவிட இரண்டு மூன்று மடங்கு தள்ளி வைப்பார்.

ஆகவே புது காயினில் முதல் வேலை, தினசரி சார்ட்டை மூடிவிட்டு ஒரு மணி நேர சார்ட்டுக்குப் போவது. அங்கே முதல் இரண்டு மூன்று கேண்டில்களைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டு, விலை எங்கே அமைதியாக உட்கார ஆரம்பித்தது என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு வெவ்வேறு எக்ஸ்சேஞ்சுகளின் சார்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டிலும் ஒரே இடத்தில், விக் நுனியில் அல்லாமல் கேண்டில் முடிவு விலையில் தெரியும் நிலைகள் மட்டும் மிச்சம் இருக்கட்டும். ஆர்பிட்ரத்தில் இப்படிச் சலித்தால் முதல் மூன்று வாரத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு பட்டைதான்: ஏறக்குறைய 1.1 டாலரிலிருந்து 1.4 டாலர் வரை.

ஏன் இந்தப் பட்டைக்கு மதிப்பு? முதல் வாரங்களில்தான் காயின் பெருமளவில் கை மாறுகிறது. இலவசமாகப் பெற்றவர்கள் விற்கிறார்கள், காசு கொடுத்து வாங்குபவர்கள் முதன்முறையாக உள்ளே வருகிறார்கள். அந்த வாங்கியவர்களின் அடக்க விலைதான் இந்த இளம் சார்ட்டில் இருக்கும் ஒரே உண்மையான ஞாபகம். இலவசமாகப் பெற்றவருக்கு அடக்க விலை என்ற ஒன்றே கிடையாது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் வந்த தேங்காயை விற்பவர் சந்தை விலை இரண்டு ரூபாய் இறங்கிவிட்டதே என்று நின்று யோசிக்கமாட்டார். 1.3 டாலருக்கு விற்கலாம் என்று இருந்தவர், 0.9 வந்தாலும் விற்பார். அவருக்கு அதுவும் லாபம். பூட்டிலிருக்கும் முதலீட்டாளருக்கும் அதே கதைதான். அவர் வாங்கியது காயின் வெளியாவதற்கு வெகு முன்பு, வேறொரு விலையில்.

வாங்கியவர்களின் சராசரி அடக்கத்தைத் தோராயமாகப் பிடிக்க ஒரு கருவி உண்டு. TradingView தளத்தில் அதன் பெயர் Anchored VWAP. நாம் சொல்லும் நாளிலிருந்து, ஒவ்வொரு கேண்டிலின் விலையையும் அந்த நேரத்து வால்யூமால் பெருக்கிக் கூட்டி, மொத்த வால்யூமால் வகுத்துக் காட்டும். கற்பனைக் கணக்கு ஒன்று: 1.35 டாலரில் 100 கோடி காயின் கை மாறியது, 1.20-இல் 40 கோடி, 1.60-இல் 60 கோடி என்றால், 135, 48, 96 மூன்றையும் கூட்டி 200-ஆல் வகுக்க, 1.395 வருகிறது. விலை இதற்கு மேலே இருந்தால் வாங்கியவர்கள் சராசரியாக லாபத்தில் இருக்கிறார்கள். கீழே இருந்தால் நஷ்டத்தில். நஷ்டத்தில் இருப்பவர்கள், போட்ட காசு வந்தால் போதும் என்று அந்த விலைக்காகக் காத்திருப்பார்கள். எனவே விலை கீழிருந்து அந்தக் கோட்டுக்கு வரும்போது விற்பனை அதிகமாகும். சரித்திரம் இல்லாத சார்ட்டில் காரணத்தோடு போடக்கூடிய கோடு என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இதிலும் முதல் நாள் விக் புகுந்து விளையாடும். இந்தக் கருவி பொதுவாக ஒரு கேண்டிலின் உச்சம், அடி, முடிவு மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்ததையே அந்தக் கேண்டிலின் விலையாக எடுக்கும். தினசரி சார்ட்டில் முதல் நாள் உச்சம் 8 டாலர், அடி 1.1, முடிவு 1.35 என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 3.48 என்று வரும். அன்றைய வியாபாரம் முழுவதும் மூன்றரை டாலரில் நடந்ததாகக் கருவி நினைத்துக்கொள்ளும். முதல் நாள்தான் வால்யூம் அதிகம் என்பதால் மாதக்கணக்கில் கோடு உயரத்தில் தொங்கும். ஒரு மணி நேர சார்ட்டில் போட்டால் இந்தப் பிழை முதல் மணி நேரத்தோடு முடிந்துவிடும். மார்ச் 24-லிருந்து தொடங்கினால் முழுதாகவே போய்விடும். ஒரே காயினுக்கு இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு கோடு காட்டிச் சண்டை போடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கருவிக்கு எல்லையும் உண்டு. ஒரே காயின் ஒரே நாளில் இருபது கை மாறினால் இருபது முறையும் கணக்கில் ஏறும். அன்றாட டிரேடர்களின் வியாபாரமும், காத்திருக்கும் நோக்கத்தோடு வாங்கியவரின் வியாபாரமும் அதற்கு ஒன்றே. ஒரு எக்ஸ்சேஞ்சின் வால்யூம் மட்டும்தான் அதில் இருக்கும். அதனால் இதை மெல்லிய கோடாகப் பார்க்காமல் பத்து சதவீத அகலமுள்ள பட்டையாகப் பார்ப்பது நல்லது.

இனி அந்த 1.1 டாலர் அடித்தளம் என்ன ஆயிற்று என்று பார்ப்போம். ஏப்ரல் தொடக்கத்தில் கருவூலத்திலிருந்து 75 கோடி காயினை நிர்வாக அமைப்புக்கு ஒதுக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. அதில் ஒரு பகுதி ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது, கொஞ்சம் விற்கவும் பட்டுவிட்டது என்பது தெரியவந்ததும் சர்ச்சை வெடித்தது. விலை 1.1 பக்கம் இறங்கித் திரும்பியது. ஏப்ரல் 18 வாக்கில் 1.8 வரை போனது. மே மாதம் மறுபடி 1.1-க்கு வந்து திரும்பியது. இரண்டு முறை தொட்டுத் திரும்பிய விலை. பாடப்புத்தகப்படி வலுவான சப்போர்ட்.

ஆனால் திரும்பிய விதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் அங்கிருந்து கிளம்பிய விலை 1.8 வரை போனது. மே மாதம் அதே இடத்திலிருந்து கிளம்பியது 1.2-ஐத் தாண்டவே திணறியது. பழைய சந்தையில் ஒரு விலை அடிக்கடி தொடப்பட்டுத் தாங்கினால் அதற்கு வலு கூடுகிறது என்பார்கள். புது காயினில் நான் அதை நம்புவதில்லை. அங்கே வாங்கக் காத்திருப்பவர்கள் ஒரு சிறு கூட்டம். ஒவ்வொரு முறை தொடும்போதும் அவர்களில் சிலர் வாங்கி முடித்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கம் அடக்க விலையே இல்லாதவர்களின் கையிருப்பு தீராமல் இருக்கிறது. தொட்ட எண்ணிக்கையை எண்ணுவதைவிட, தொட்டபின் எவ்வளவு தூரம் எழும்புகிறது என்று அளப்பது மேல். எழும்பும் உயரம் குறைந்துகொண்டே வந்தால் அந்த நிலை தேய்ந்துகொண்டிருக்கிறது.

ஜூன் 5 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையம் பைனான்ஸ் மீது வழக்குப் போட்டது. மறுநாள் காயின்பேஸ் மீதும். ஆர்பிட்ரத்துக்கு நேரடித் தொடர்பு இல்லாத செய்திதான். ஆனால் ஜூன் 10, ஒரு சனிக்கிழமை, வாங்க ஆள் குறைவாக இருந்த நேரத்தில் சின்ன காயின்கள் எல்லாம் ஒரே மூச்சில் சரிந்தன. 1.1 இருந்த இடம் தெரியாமல் போய், விலை 0.9 வரை இறங்கியது. இதில் இன்னொரு விஷயம்: ஸ்டாப்லாஸில் இன்ன விலைக்குக் கீழே விற்காதே என்று வரம்பும் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு, இப்படிப்பட்ட சரிவில் ஆர்டர் நிறைவேறாமலே விலை தாண்டிப் போய்விடும்.

உடைந்த சப்போர்ட் ரெசிஸ்டன்ஸாக மாறும் என்பதும் பாடப்புத்தகம்தான். அதுவும் சரியாக நடக்கவில்லை. ஜூலையில் விலை அதை அநாயாசமாகத் தாண்டி 1.3 வரை போய், ஆகஸ்ட் நடுவில் மறுபடி 1 டாலருக்குக் கீழே வந்து, செப்டம்பர் 11 அன்று 0.75-ஐத் தொட்டது. அதுவரை இல்லாத ஆழம். அங்கே கோடு போட இடது பக்கத்தில் எதுவுமே கிடையாது. இருநூறு நாள் சராசரியாவது கைகொடுக்குமா என்றால், அந்தக் கோடு பிறக்கவே இருநூறு நாள் வேண்டும். மார்ச் 23-இல் தொடங்கிய காயினுக்கு அது அக்டோபர் 8-இல்தான் முதல் புள்ளியை வைக்கும். ஐம்பது வாரச் சராசரி பிறக்க அடுத்த மார்ச் ஆகிவிடும்.

அந்தச் சூழ்நிலையில் உதவக்கூடியது இன்னொரு சார்ட். காயினை டாலரில் பார்க்காமல் பிட்காயினில் பார்ப்பது. தேடும் பெட்டியில் ARBUSDT/BTCUSDT என்று தட்டினால் போதும். இதை இன்னும் சுலபமாக, ஒரு பிட்காயினுக்கு எத்தனை ஆர்பிட்ரம் என்று திருப்பிப் பார்க்கலாம். வெளியான வாரத்தில் பிட்காயின் சுமார் 28,000 டாலர், ஆர்பிட்ரம் 1.35. ஒரு பிட்காயினுக்கு ஏறக்குறைய 21,000 காயின். செப்டம்பர் 11-இல் பிட்காயின் 25,000 டாலருக்குச் சற்று மேல், ஆர்பிட்ரம் 0.75. அதாவது 33,000-க்கு மேல். இடைப்பட்ட ஆறு மாதத்தில் பிட்காயின் பத்து சதவீதத்தை ஒட்டிக் குறைந்திருக்க, இது நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. சந்தை மொத்தமும் இறங்கியதால் இதுவும் இறங்கியது என்ற ஆறுதலுக்கு இடமில்லை. இந்தக் காயினில் மட்டும் தனியாக ஒரு விற்பனை ஓடிக்கொண்டிருந்தது.

புது காயினின் சொந்தச் சரித்திரம் சின்னது. பிட்காயினின் சரித்திரம் பெரியது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், சந்தை முழுவதுக்கும் பொதுவான ஏற்ற இறக்கம் கழிந்துபோய் இந்தக் காயினுக்கு மட்டும் உரியது மிஞ்சும். பயன் இறங்கும்போது மட்டுமில்லை. ஏறும்போது இன்னும் அதிகம்.

2024 ஜனவரி தொடக்கத்தில் ஆர்பிட்ரம் ஏப்ரல் மாத உச்சமான 1.8-ஐக் கடந்து, ஜனவரி 12 அன்று 2.4-ஐ எட்டிப் பிடித்தது. அமெரிக்காவில் பிட்காயின் இடிஎஃப்களுக்கு அனுமதி கிடைத்த வாரம் அது. எத்தீரியத்தின் துணை நெட்வொர்க்குகளின் செலவைக் குறைக்கும் டென்குன் மேம்படுத்தல் மார்ச் 13-க்கு வரவிருந்தது. பிட்காயின் கணக்கில் பார்த்தால் அன்று ஒரு பிட்காயினுக்கு 19,000 காயின் பக்கம். வெளியான நாளைவிடக் கொஞ்சம் வலு. டாலரில் இரண்டு மடங்குக்கு அருகில் ஏறியது போலத் தெரிந்தாலும், பிட்காயினுக்கு எதிராகப் புறப்பட்ட இடத்துக்குத்தான் திரும்ப வந்திருந்தது.

பிறகு இரண்டு மாதம் டாலர் சார்ட் பார்க்க அழகாக இருந்தது. 1.7-க்கும் 2.2-க்கும் நடுவே விலை நிதானமாகப் புரண்டது. உச்சத்துக்குப் பின் ஓய்வெடுக்கிறது, அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராகிறது என்று யாரும் சொல்லக்கூடிய வடிவம். மார்ச் 14 அன்று பிட்காயின் 73,000 டாலரைத் தாண்டி வரலாற்று உச்சம் தொட்டது. ஆர்பிட்ரம் 2 டாலரை ஒட்டி நின்றது. வகுத்துப் பார்த்தால் ஒரு பிட்காயினுக்கு 35,000 காயின் பக்கம். செப்டம்பரில் 0.75 டாலரில் அதலபாதாளத்தில் கிடந்தபோது இருந்த அதே மட்டம். டாலர் சார்ட்டில் உச்சத்துக்கு அருகே நின்ற காயின், இந்தச் சார்ட்டில் தரைமட்டத்தில் இருந்தது. சந்தையே கொண்டாடிக்கொண்டிருந்த வாரத்தில் இதை யாரோ விடாமல் விற்றுக்கொண்டிருந்தார்கள், அல்லது வாங்க யாரும் விரும்பவில்லை.

விரும்பாததற்குக் காரணம் சார்ட்டில் இல்லை, காலண்டரில் இருந்தது. முதல் நாளே பூட்டி வைத்த 444.7 கோடியில் கால் பங்கு மார்ச் 16, 2024 அன்று திறக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதாவது 111.2 கோடி காயின். முதல் நாள் வெளியே வந்ததே 127.5 கோடிதான். ஏறக்குறைய 87 சதவீதம் கூடுதல் சரக்கு ஒரே நாளில் விற்கக்கூடிய நிலைக்கு வந்தது. விற்கக்கூடியது எல்லாம் விற்கப்படும் என்று அர்த்தமில்லை. சிலர் வைத்துக்கொள்வார்கள். சிலர் முன்கூட்டியே வேறு வழியில் விலையைப் பூட்டி வைத்திருப்பார்கள். ஆனால் பழைய கோடுகளுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு அவர்கள் விற்றே ஆகவேண்டும் என்பதில்லை.

இந்த இடத்தில்தான் இளம் சார்ட்டைப் படிப்பவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். 1.1 டாலர் என்ற அந்தப் பழைய நிலையை எடுத்துக்கொள்வோம். 2023 மே மாதத்தில் அந்த விலையில் வெளியே இருந்த காயின்களின் மொத்தச் சந்தை மதிப்பு, 1.1-ஐ 127.5 கோடியால் பெருக்கினால், சுமார் 140 கோடி டாலர். அன்றைய வாங்குபவர்கள் தாங்கிப் பிடித்தது அந்த 140 கோடியை. திறப்புக்குப் பிறகு வெளியே 238.7 கோடி காயின். அதே 1.1-இல் விலையை நிறுத்த வேண்டுமானால் இப்போது 263 கோடி டாலர் மதிப்பைத் தாங்க ஆள் வேண்டும். கோடு நகரவே இல்லை. கோட்டுக்கு மேலே ஏறிய பாரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது. பழைய 140 கோடி மதிப்பு எந்த விலையில் வருகிறது என்று புதிதாகக் கணக்கிட்டால் 59 சென்ட் வருகிறது. 1.1-இல் ஒரு சப்போர்ட் காத்திருக்கிறது என்று வரைந்தவர் உண்மையில் வரைய வேண்டியது 0.59-இல்.

நடந்தது இது. மார்ச் 16 வாக்கில் 2 டாலருக்குக் கீழே நழுவிய விலை, ஏப்ரல் நடுவில் 1 டாலர் பக்கம் வந்தது. மாதாமாதம் 9.26 கோடி காயின் கூடுதலாகத் திறந்துகொண்டே வந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில், நான்கு மாதத் திறப்புக்குப் பிறகு, அதே 140 கோடி டாலர் மதிப்புக்கான விலை 51 சென்ட். அந்த மாதம் ஆர்பிட்ரம் அரை டாலரைச் சுற்றித்தான் திரிந்தது. கணக்கு இவ்வளவு பொருந்தியதை வைத்து இது ஒரு விதி என்று நான் சொல்லமாட்டேன். கருவூலத்திலிருந்து போன காயின்களை இதில் சேர்க்கவில்லை. ஆகஸ்ட் 5-இல் உலகச் சந்தைகள் மொத்தமும் ஆட்டம் கண்டதையும் சேர்க்கவில்லை. ஆனால் 1.1-இல் கோடு போட்டுக்கொண்டு காத்திருந்தவரைவிட, இந்தப் பெருக்கல் வகுத்தலைச் செய்தவர் எங்கே பார்க்க வேண்டும் என்பதை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பார்.

ஆகவே ஒரு வயது ஆகாத காயினின் சார்ட்டை நான் திறந்தால், கோடு போடுவதற்கு முன் அந்தத் திட்டத்தின் சொந்த ஆவணத்தைத் தேடுவேன். மொத்தம் எத்தனை, இன்று வெளியே எத்தனை, பூட்டியது யாருக்கு, முதல் திறப்பு எந்தத் தேதி, அதற்குப் பிறகு மாதாமாதமா நாள்தோறுமா. நான்கு வரியில் எழுதிவிடலாம். வெளியே இருப்பது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே என்றால், ஆர்பிட்ரம் அப்படித்தான் இருந்தது, அந்தச் சார்ட்டில் முதல் வருடத்தில் உருவாகும் எந்த விலை நிலைக்கும் ஆயுள் முதல் திறப்புத் தேதி வரைதான் என்று வைத்துக்கொள்வேன். நாள்தோறும் சிறிது சிறிதாகத் திறக்கும் காயினில் நிலைகள் ஒரே நாளில் செத்துப்போவதில்லை, மெல்லச் சரிகின்றன. அங்கே டாலர் விலைக்குப் பதில் சந்தை மதிப்பின் சார்ட்டில் கோடு போட்டால் ஓரளவு நிற்கும்.

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு விஷயம் கூடுதலாக உண்டு. இங்குள்ள எக்ஸ்சேஞ்சுகளில் ரூபாய்க்கு எதிரான சார்ட்டில் புது காயின்களுக்கு வால்யூம் குறைவு. அதில் தெரியும் விக் பல நேரம் உலகத்தில் வேறெங்கும் நடக்காத விலை. வாங்குவது ரூபாயில் என்றாலும் படிப்பது டாலர் சார்ட்டாக இருக்கட்டும். மற்றது வரி. லாபத்துக்கு 30 சதவீதம், ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. நிலைகள் அடிக்கடி உடையும் சார்ட்டில், சின்ன சின்ன ஸ்டாப்லாஸ் வைத்துப் பத்து முறை முயன்று இரண்டில் ஜெயிக்கும் முறை வெளிநாட்டு டிரேடருக்குக் கட்டுப்படியாகலாம். எட்டு நஷ்டத்தையும் தானே சுமந்து, இரண்டு லாபத்துக்கும் வரி கட்டுபவருக்குக் கணக்கு வேறு. ஒவ்வொரு விற்பனையிலும் பிடிக்கப்படும் ஒரு சதவீத டிடிஎஸ் தனி.

ஆர்பிட்ரம் இன்றைக்குக் குழந்தைக் காயின் இல்லை. வருடக்கணக்கான விலைச் சரித்திரம் அதற்கு இருக்கிறது, எல்லாச் சராசரிகளும் பிறந்துவிட்டன. இருந்தாலும் அந்த மாதாந்தரத் திறப்பு முப்பத்தாறு தவணை. 2024 ஏப்ரலில் தொடங்கியது, 2027 மார்ச்சில்தான் முடிகிறது. அதன் சார்ட்டில் ஒவ்வொரு மாதமும் 16-ஆம் தேதியில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு வைத்துக்கொண்டு, பிறகு படுக்கைக் கோடுகளை யோசிக்கலாம்.